சீட்டுக் கட்டில் குறி: ஸ்பேட் கெட்டதா, கிளாவர் கெட்டதா?

"வீட்டில் சாதாரண 52 சீட்டுக் கட்டு இருக்கிறது. அதை வைத்தே குறி பார்க்கலாம் என்கிறார்கள். ஒரு வீடியோவில் ஸ்பேட்தான் கெட்டது என்கிறார்கள், இன்னொன்றில் கிளாவர் கெட்டது. டைமன்தான் பணம் என்கிறார் ஒருவர், கிளாவர்தான் பணம் என்கிறார் இன்னொருவர். எது சரி? இல்லை, இதற்கு டாரோ கட்டுதான் வாங்க வேண்டுமா?"

நீங்கள் பார்த்த நான்கு பேருமே அவரவர் வழியில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்த ஊர் வழக்கிலிருந்து பேசுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் பழைய சீட்டுக் கட்டுகளையும் குறி சொல்லும் கையேடுகளையும் சேர்த்து வருகிறேன். நண்பர்களுக்கு மேஜையில் விரித்தும் பார்ப்பேன், காசு வாங்குவதில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான்கு இனங்களும் எங்கிருந்து வந்தன என்பதில் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும். ஐரோப்பாவுக்குச் சீட்டு வந்தது 1370களில், எகிப்தை ஆண்ட மம்லுக்குகளின் உலகத்திலிருந்து. அவர்களுடைய கட்டு ஒன்று இன்றும் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. அதில் உள்ள இனங்கள் கோப்பை, நாணயம், வாள், போலோ ஆடும் மட்டை. இத்தாலிக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். போலோ தெரியாத ஊரில் மட்டை மட்டும் வெறும் தடியாகிவிட்டது. ஜெர்மானியர்கள் தங்களுக்கென்று இதயம், இலை, மணி, ஓக் கொட்டை என்று வைத்துக்கொண்டார்கள். 1480 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியவைதான் இன்று நம் கையில் இருக்கும் சிவப்பு, கறுப்புக் குறிகள். அவை இத்தனை எளிமையாக இருப்பதற்குக் காரணம் அச்சுச் செலவு. அட்டையில் ஓட்டை வெட்டிச் சாயம் தடவினால் ஒரு ஹார்ட்டினோ ஸ்பேடோ தயார்.

ஆக, டைமன் குறியிலோ மூன்றிலைக் குறியிலோ பணம் என்ற பொருள் தானாக உட்கார்ந்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் பெயர்கள் இன்னும் குழம்பின. வடிவம் பிரெஞ்சுக்காரர்களுடையது, பெயர் பழைய இத்தாலி, ஸ்பெயின் கட்டிலிருந்து வந்தது. ஸ்பேட் என்பது மண்வெட்டி அல்ல, வாளைக் குறிக்கும் 'எஸ்பாதா' என்ற சொல்லின் மிச்சம். மூன்றிலைக்குத் தடி என்று பொருள்படும் 'கிளப்' என்று பெயர் வந்ததும் இப்படித்தான். நாம் சொல்லும் 'கிளாவர்' டச்சுக்காரர்களின் சொல், இலையின் பெயர். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலேயரைவிட நாம்தான் வடிவத்துக்குப் பொருத்தமான பெயரைச் சொல்கிறோம்.

சரி, குறி எப்போது வந்தது? சீட்டு ஐரோப்பாவுக்கு வந்து ஏறக்குறைய 400 வருடம் அது முதன்மையாகச் சூதாட்டப் பொருள்தான். 1770-இல் பாரிசில் எத்தெய்யா என்பவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். உண்மைப் பெயர் அலியெத், அதைத் திருப்பிப் போட்டுப் புனைபெயராக்கிக்கொண்டவர். ஒவ்வொரு சீட்டுக்கும் நேரடியாகப் பொருள் சொல்லி அச்சான முதல் புத்தகங்களில் அது ஒன்று. அவர் எடுத்துக்கொண்டது டாரோ அல்ல. 'பிக்கே' என்ற ஆட்டத்துக்கான சாதாரணக் கட்டு. 2 முதல் 6 வரை கிடையாது, 7 முதல் ஏஸ் வரை இனத்துக்கு எட்டாக மொத்தம் 32. கூடவே கேட்க வந்தவரைக் குறிக்க வெற்றுச் சீட்டு ஒன்று, ஆக 33.

டாரோவும் அதுவரை ஆட்டச் சீட்டுதான். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வட இத்தாலியில், வழக்கமான நான்கு இனங்களோடு துருப்புச் சீட்டுகளாக 22 படங்களைச் சேர்த்து உருவாக்கினார்கள். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை வைத்து ஆடுகிறார்கள். பொலோன்யா நகரில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை வைத்துக் குறி சொன்னதற்கு ஒரு கையெழுத்துத் தாள் சாட்சியாக இருக்கிறது. ஆனால் டாரோவைப் பெரிய ரகசியமாக்கியது 1781-இல் கூர் த ஜெபலென் என்ற பிரெஞ்சு அறிஞர். அது பழைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதிவிட்டார். எகிப்திய எழுத்தைப் படிக்க ஷம்போல்யோன் வழி கண்டதே 1822-இல்தான். அப்போது யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தை வைத்துச் சொன்ன கதை அது. இன்றும் அதைச் சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள்.

எத்தெய்யா அந்த அலையில் தானும் ஏறிக்கொண்டு 1780களில் டாரோவுக்கும் புத்தகம் போட்டார். உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. டாரோவின் 56 இனச் சீட்டுகளுக்குப் பொருள் வேண்டியிருந்தது. தன்னிடம் ஏற்கனவே இருந்த சாதாரணச் சீட்டுப் பொருள்களை அவர் அதில் ஏற்றினார். ஹார்ட்டின் கோப்பைக்குப் போனது, ஸ்பேட் வாளுக்குப் போனது. அவருடைய பிரெஞ்சு வழக்கில் கிளாவர்தான் பணம், அதனால் அது நாணயத்துக்குப் போனது. டைமன் என்றால் வழி, வெளியூர், சேதி. அது தடிக்குப் போனது. லண்டனில் 1888-இல் டாரோ பற்றி எழுதிய மேதர்ஸும் இதே ஜோடியைத்தான் தருகிறார். பிறகு, நாணயம் என்றால் செல்வம், டைமனும் செல்வம் என்ற நினைப்பில், டைமனை நாணயத்துக்கும் கிளாவரைத் தடிக்கும் மாற்றி வைத்தார்கள். இன்று இணையத்தில் பெரும்பாலும் கிடைப்பது இந்தப் பிந்தைய ஜோடி. டைமன் பணம் என்பவர் ஆங்கில வழி, கிளாவர் பணம் என்பவர் பிரெஞ்சு வழி.

ஏற்றிய பொருளின் தடம் இன்றைய டாரோவிலும் தெரிகிறது. 1909-இல் லண்டனில் வெய்ட் எழுத, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து வெளியான கட்டுதான் இப்போது எல்லோரும் வாங்குவது. அதில் வாள் 7-இல் ஒருவன் கூடாரங்களுக்குப் பக்கத்திலிருந்து ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நழுவுகிறான். பார்த்தால் திருட்டு. ஆனால் வெய்ட் தரும் பொருள் பட்டியலில் 'நம்பிக்கை' என்ற சொல்லும் இருக்கிறது. அது எத்தெய்யாவின் ஸ்பேட் 7. அதேபோல வாள் 10-க்கு அவர் சொல்லும் 'கண்ணீர்' எத்தெய்யாவின் ஸ்பேட் 10. சாதாரணக் கட்டிலிருந்து டாரோவுக்குப் போன பொருளை, இன்று டாரோவிலிருந்து சாதாரணக் கட்டுக்கு 'மாற்றிக்கொள்வது எப்படி' என்று வீடியோ போடுகிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வது.

கிளாவர் கெட்டது என்பது மூன்றாவது வழக்கு, ஜெர்மனியிலிருந்து வந்தது. 1799 வாக்கில் நூரெம்பெர்க்கில் ஹெக்டெல் என்பவர் 36 படச் சீட்டுகளில் ஒரு விளையாட்டை வெளியிட்டார். பகடை உருட்டி நகர்கிற பரமபத வகை ஆட்டம். ஒவ்வொரு படத்தின் மேலும் ஆட்டச் சீட்டின் குறியும் அச்சிட்டிருந்தார். பாரிசில் புகழ்பெற்ற குறிக்காரி லெனோர்மான் 1843-இல் இறந்த பிறகு, அவர் பெயரை ஒட்டி இந்தக் கட்டு குறிச் சீட்டாக விற்கத் தொடங்கியது. அதில் கிளாவரில்தான் பாம்பு, நரி, எலி, மலை, மேகம், சிலுவை எல்லாம் வருகின்றன. ஸ்பேடிலோ கப்பல், நங்கூரம், தோட்டம், பூங்கொத்து. ஆங்கில வழியில் ஸ்பேடைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இங்கே வந்தால் அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும்.

இதை ஒரு விரிப்பில் பார்த்தால் நன்றாகப் புரியும். போன வருடம் என் தோழி ஒருத்தி வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டாள். 32 சீட்டுக் கட்டைக் கலைத்து, அவளையே வெட்டச் சொல்லி, ஐந்து சீட்டை இடமிருந்து வலமாக வைத்தேன். கிளாவர் 8, டைமன் ஏஸ், ஸ்பேட் 10, ஹார்ட்டின் ராஜா, கிளாவர் ராஜா. நான் பழகியது ஆங்கில வழி. அதில் ஹார்ட்டின் வீடும் பாசமும், டைமன் பணமும் கடிதமும், கிளாவர் உழைப்பும் தொழிலும், ஸ்பேட் தடையும் இழப்பும்.

சாதாரணக் கட்டில் ஒரு சீட்டை மட்டும் பார்த்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. முதலில் நடுச் சீட்டு. அது ஸ்பேட் 10, அழுகை, கனமான ஒரு முடிவு. அடுத்து அதன் இரண்டு பக்கமும். இடப்பக்கம் டைமன் ஏஸ் ஒரு தாள், இங்கே வேலை உத்தரவு. வலப்பக்கம் ஹார்ட்டின் ராஜா, வீட்டில் பாசமுள்ள ஓர் ஆண். கடைசியாக இரண்டு ஓரங்களையும் ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கிளாவர், அதாவது வேலை அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. கிளாவர் ராஜா மேலதிகாரி என்று வைத்துக்கொள்ளலாம். "வேலையைப் பற்றி உனக்குச் சந்தேகம் இல்லை. தாள் வந்ததும் வீட்டில் ஒருத்தரை நினைத்துத்தான் கஷ்டப்படுகிறாய்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாள்.

இதே ஐந்து சீட்டை லெனோர்மான் வழியில் படித்தால் மலை, சூரியன், கப்பல், வீடு, மேகம். முதலில் ஒரு தடை, அதைத் தாண்டி வெளிச்சமான பயணம், வீடு சேருதல், கடைசியில் தெளிவில்லாத ஒரு முடிவு. நடுவில் இருந்த அழுகை காணாமல் போய், அங்கே கப்பல் நிற்கிறது. பிரெஞ்சு வழியில் படித்தால் இரண்டு ஓரமும் பணமாகிவிடும், அப்போது கேள்வியே சம்பளத்தைப் பற்றியது. ஒரே மேஜை, ஒரே சீட்டு, மூன்று குறி. அதனால்தான் எந்த அகராதி என்பதைக் கலைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்கிறேன். சீட்டு விழுந்த பிறகு, நன்றாக இருக்கிற அகராதியைத் தேடினால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன். கேட்பவர் முகம் வாடினால் சட்டென்று வேறு வழிக்குத் தாவிவிடுவேன். ஒரே ஆளிடம் இரண்டு முறை முரணாகச் சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு.

டாரோவில் இந்த இடம் வேறு மாதிரி நடந்திருக்கும். வாள் 10-இல் ஒருவன் முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கிறான், மேலே கறுப்பு வானம், அடிவானத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அந்தப் படத்தை வைத்தே அரைமணி நேரம் பேசலாம். அந்த வெளிச்சம் உனக்கு என்னவாகத் தெரிகிறது என்று கேட்கலாம். ஸ்பேட் 10-இல் பத்துக் கறுப்புக் குறிகள்தான் இருக்கின்றன. அது பக்கத்துச் சீட்டோடு சேர்ந்தால்தான் வாய் திறக்கும். இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான் என்பேன். மற்றபடி எண்ணிக்கை வித்தியாசம் எளிது. டாரோவின் 78-இல் 22 படச் சீட்டுகளையும், ராணிக்கும் ஜாக்கிக்கும் நடுவில் வரும் நான்கு குதிரைவீரர்களையும் எடுத்துவிட்டால் 52. மரணம், கோபுரம், சக்கரம் போன்ற பெரிய சேதிகள் அந்த 22-இல்தான் இருக்கின்றன. சாதாரணக் கட்டில் அப்படிப் பெரிய சொற்கள் இல்லை. கடிதம், காசு, சண்டை, தாமதம், உறவுக்காரர் என்று திண்ணைப் பேச்சு அளவில்தான் அது பேசும். எனக்கு அதனாலேயே பிடிக்கும். ஜோக்கரை டாரோவின் பைத்தியக்காரனுக்குச் சமம் என்பார்கள். அதுவும் சரியில்லை. ஜோக்கர் 1860களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்காகச் சேர்த்த சீட்டு, டாரோவோடு சம்பந்தமில்லை. எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

தலைகீழ்ச் சீட்டு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் அது. டாரோவில் நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் இன்னொரு பொருள் என்று பலர் படிப்பார்கள். எத்தெய்யாவும் சாதாரணக் கட்டில் அப்படிப் படித்தார். அவர் காலத்து ராஜா, ராணிக்கு ஒரே தலை, கால்வரை முழு உருவம். இப்போதைய கட்டில் இரண்டு பக்கமும் தலை, எப்படி விழுந்தாலும் நேர்தான். ஒரு கட்டை எடுத்து நீங்களே பாருங்கள். ஹார்ட்டின், ஸ்பேட், கிளாவரில் ஏஸ், 3, 5, 6, 7, 8, 9 ஆகியவற்றுக்கு மட்டும் மேல் கீழ் தெரியும். டைமனில் 7 ஒன்றுக்குத்தான் தெரியும். மொத்தம் 22. மீதி 30-க்குத் தலைகீழே கிடையாது. ஆகவே தலைகீழ்ப் பொருள் வேண்டுமென்றால் ஒவ்வொரு சீட்டிலும் மேல் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்தவர்களும் இருக்கிறார்கள். நான் அதை விட்டுவிட்டேன், பக்கத்துச் சீட்டே போதுமான அளவுக்குப் பொருளைத் திருப்பிவிடுகிறது.

பழைய ஆங்கிலக் கையேடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. கேட்பவரின் முடி நிறம், தோல் நிறம் பார்த்து அவருக்கு ஒரு ராஜாவோ ராணியோ ஒதுக்குவார்கள். மிகவும் வெளுத்தவருக்கு டைமன், கறுத்தவருக்கு ஸ்பேட். அதை நம் ஊரில் பின்பற்றினால் தெருவே ஸ்பேட் ராஜாவாகிவிடும், அதுவும் கெட்ட இனத்தில். தூக்கிப் போடுங்கள். அவர் செய்கிற வேலையைப் பார்த்தோ, அவர் கேட்கும் கேள்வி எதைப் பற்றியது என்று பார்த்தோ இனத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இப்போது நம்பிக்கை விஷயம். இனங்களின் வரலாறு, யார் எந்தப் பொருளை எங்கே ஏற்றினார்கள் என்பதெல்லாம் காகித ஆதாரம் உள்ளவை, அதில் உறுதியாகப் பேசலாம். பொருள்கள் வழக்கு மட்டுமே, ஊருக்கு ஊர் மாறும். சீட்டு எதிர்காலத்தைச் சொல்லுமா என்றால், சொல்லும் என்பதற்கு நான் இத்தனை வருடத்தில் ஒரு ஆதாரமும் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 32-இல் ஐந்து சீட்டு எடுத்தால் ஒரு ஸ்பேடாவது வராமல் இருக்க வாய்ப்பு சுமார் 21 சதவீதம்தான். அதாவது ஐந்து பேரில் நான்கு பேருக்கு 'ஏதோ ஒரு தடை தெரிகிறது' என்று சொல்ல வழி இருக்கிறது. தடை இல்லாத ஆளும் குறி கேட்க வரமாட்டார். பொருந்திப் போவதில் அதிசயம் இல்லை. என் தோழி விஷயத்திலும் அப்பா பற்றிச் சொன்னது சீட்டு அல்ல, அவள்தான். சீட்டு அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். நோய், மரணம், கர்ப்பம், வழக்கு பற்றிக் கேட்டால் நான் கட்டைப் பிரிக்க மாட்டேன். யாராவது ஸ்பேட் ஏஸைக் காட்டிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சீட்டு வரி கட்டியதற்கு அடையாளமாக அரசே அச்சிட்டுத் தந்த சீட்டுதான் ஸ்பேட் ஏஸ். அதன் பெரிய அலங்காரம் அந்த வரிக் காலத்தின் மிச்சம். 1805-இல் ஹார்டிங் என்ற வியாபாரியைத் தூக்கில் போட்டார்கள், அந்தச் சீட்டைக் கள்ளத்தனமாக அச்சடித்த குற்றத்துக்காக. ஸ்பேட் ஏஸால் செத்தவர் என்று ஆதாரத்தோடு எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

டாரோ வாங்குவதா என்றால், படத்தைப் பார்த்துப் பேசுவது உங்களுக்கு வருமென்றால் வாங்குங்கள், அது வேறொரு பழக்கம். சாதாரணக் கட்டைக் கற்க டாரோ தேவையில்லை. இருக்கிற கட்டில் 2 முதல் 6 வரை பிரித்து வைத்துவிட்டு, மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்றை எடுத்து, 32 சீட்டுக்கும் ஒவ்வொரு சொல்லை ஒரு தாளில் எழுதி, மூன்று மாதம் அதை மாற்றாமல் பழகுங்கள். தினமும் மூன்று சீட்டு, முதலில் நடுவில் இருப்பது, பிறகு பக்கங்கள். என்ன சொன்னீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், பிறகு நடந்ததோடு ஒப்பிடும்போது எத்தனை தவறு என்று உங்களுக்கே தெரியும். தொடங்கும் முன் 32 இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் ரம்மி ஆடிய கட்டில் எப்போதும் ஒன்று குறையும்.